கடிகாரம் சொல்லும் பிரஷரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இப்போதெல்லாம் நம் வயதுக்காரர்கள் பலருடைய மணிக்கட்டில் பிள்ளைகள் வாங்கி அனுப்பிய புதுக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. நடந்த அடிகளை எண்ணுகிறது, நாடித்துடிப்பைச் சொல்கிறது. சில கடிகாரங்கள் பிரஷரையும் சொல்கின்றன. புஜத்தில் பட்டை கட்ட வேண்டாம், காற்றடிக்க வேண்டாம். விரலால் தொட்டால் அரை நிமிடத்தில் 127/79 என்று வந்துவிடுகிறது. மருந்துக் கடைக்கும் டாக்டர் வீட்டுக்கும் நடந்து ஓய்ந்த நமக்கு இது பெரிய வசதிதான். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

புஜத்தில் கட்டும் பட்டை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அது காற்றால் உப்பி, கையின் இரத்தக் குழாயை அமுக்கி, ஓட்டத்தை நிறுத்துகிறது. பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. எந்த அழுத்தத்தில் இரத்தம் மறுபடி பாயத் தொடங்குகிறது என்று பார்க்கிறது. 1896-இல் இத்தாலிய டாக்டர் ரிவா-ரோச்சி கொண்டுவந்த பட்டையின் சூட்சுமம் இதுதான். இன்றைய பேட்டரி மிஷின் கணக்கை வேறு விதமாகப் போட்டாலும், அதுவும் அழுத்தத்தை அழுத்தத்தால்தான் எடை போடுகிறது.

கடிகாரம் எதையும் அமுக்குவதில்லை. அதன் அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் இரத்தம் கூடிக் குறைவதை அந்த வெளிச்சத்தால் படித்து, நாடி அலையின் வடிவத்தை எடுக்கிறது. பிரஷர் ஏறினால் அந்த வடிவம் மாறும், அலை வேகமாக ஓடும் என்பது உண்மை. அதை வைத்து ஓர் எண்ணை ஊகிக்கிறது. ஆனால் குளிரில் கை சில்லிட்டாலும் வடிவம் மாறும். வயதாகிக் குழாய் விறைத்தாலும் மாறும். குழாயை விரிக்கும் மருந்து சாப்பிட்டாலும் மாறும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மரே என்ற பெயர் நினைவிருக்கலாம். எத்தியேன்-ழூல் மரே 1860-இல் மணிக்கட்டில் கட்டும் ஒரு கருவி செய்தார். நாடி துடிக்கும்போது ஒரு சின்ன நெம்புகோல் அசைந்து, புகை படிந்த காகிதத்தில் அந்த அலையைக் கோடாக வரையும். அலை அழகாக வந்தது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்து, அழுத்தம் இத்தனை என்று எண் சொல்வது எளிதாக இல்லை. அதற்குப் பட்டை வர வேண்டியிருந்தது. நம் கடிகாரம் மரேயின் பேரப்பிள்ளை. காகிதத்துக்குப் பதில் வெளிச்சம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் எண் எப்படி வருகிறது? நாமேதான் கொடுக்கிறோம். இதைத்தான் காலிப்ரேஷன் என்கிறார்கள். சாம்சங் கடிகாரத்தை எடுத்துக்கொண்டால், மணிக்கட்டில் கடிகாரமும் மற்றக் கையின் புஜத்தில் பட்டையுமாக உட்கார்ந்து, மூன்று முறை அளந்து, மிஷின் காட்டும் எண்களை நாமே போனில் பதிய வேண்டும். 28 நாளுக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அதன் பிறகு கடிகாரம் சொல்வதெல்லாம், நாம் கொடுத்த எண்ணிலிருந்து ஏறியது இறங்கியது பற்றிய ஊகம்.

ஆபீசில் கேஷ் புக் எழுதியவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆரம்ப இருப்பு தப்பானால், அன்றைய வரவு செலவு எவ்வளவு சரியாக இருந்தாலும் முடிவு இருப்பு தப்புதான். இங்கே அதற்கும் மேல் ஒரு சங்கடம் உண்டு. வரவும் செலவும்கூட ரசீது பார்த்து எழுதியவை அல்ல, மதிப்பீடு.

இதனால் வரும் மயக்கம் ஒன்றைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். "நான் பட்டையோடு ஒத்துப் பார்த்துவிட்டேன், கடிகாரம் சரியாகவே காட்டுகிறது" என்கிறார்கள். நேற்று 130 என்று நீங்கள் பதிந்தீர்கள், இன்று அது 131 காட்டுகிறது. உங்கள் பிரஷரும் நேற்றுப் போலவே இருந்தால் இரண்டும் ஒத்துத்தான் போகும். தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் 130 என்று அச்சடித்து மாட்டினாலும் அதுவும் பாதி நாள் ஒத்துப்போகும். மாறாத நாளில் சரியாகச் சொல்வது ஒரு பரீட்சையே அல்ல. பிரஷர் நிஜமாக மாறிய நாளில் கடிகாரமும் கூடவே மாறுகிறதா என்பதே பரீட்சை. அங்கேதான் இவை சறுக்குகின்றன. உண்மை அளவு ஏறினாலும் இறங்கினாலும், காலிப்ரேஷன் செய்த எண்ணின் பக்கமாகவே கடிகாரம் சாய்வது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

என் சம்பந்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடிகாரம் எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். வயது 71. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டுவந்தார். காலை மாத்திரை போட்டுச் சில மணி நேரம் கழித்துப் பட்டை கட்டி மூன்று முறை அளந்தார்: 126/76, 124/78, 128/76. அதைக் கடிகாரத்துக்குக் கொடுத்தார். அடுத்த இரண்டு வாரம் அது 122-க்கும் 131-க்கும் நடுவிலேயே காட்டியது. மனிதருக்கு மகா திருப்தி. பட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

பிறகு கால் வீங்கியது. அந்த மாத்திரைக்கு அப்படி ஆவதுண்டு. டாக்டர் அதை நிறுத்தி வேறு மருந்து எழுதினார். கடிகாரம் 127, 130, 133 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பத்து நாள் கழித்து டாக்டர் பட்டை கட்டிப் பார்த்தபோது 156/90. "உங்களைப் பார்த்தாலே எனக்கு ஏறும் டாக்டர், வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறது" என்று கடிகாரத்தைக் காட்டினார். டாக்டர் வாதம் செய்யவில்லை. மூன்று நாள் வீட்டில் பட்டை கட்டி அளந்து எழுதி வரச் சொன்னார்.

பிரான்சில் நோயாளிகளுக்குச் சொல்லித்தரும் "மூன்றின் விதி" இதுதான். காலையில் மருந்துக்கும் பலகாரத்துக்கும் முன்னால் மூன்று முறை, இரவு படுக்குமுன் மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் ஒன்றிரண்டு நிமிட இடைவெளி, இப்படி மூன்று நாள். மொத்தம் பதினெட்டு அளவு. அதன் சராசரியைப் பார்க்க வேண்டும். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் போனால் அதிகம் என்று கொள்வார்கள். சம்பந்தியின் சராசரி 149/88 வந்தது. ஒவ்வொரு முறையும் கடிகாரத்தையும் பக்கத்தில் குறித்தார். அதன் சராசரி 133. டாக்டரைப் பார்த்ததால் ஏறிய பிரஷர் அல்ல அது. புது மருந்தின் அளவு போதவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். அந்த மூன்று நாள் கணக்கு இல்லாவிட்டால், இவர் கடிகாரத்தின் பேச்சைக் கேட்டு மாதக் கணக்கில் 150-ஐச் சுமந்துகொண்டு திரிந்திருப்பார். வலியும் இல்லை, தலைசுற்றலும் இல்லை. பக்கவாதம் வருவதற்கு அவை அவசியமும் இல்லை.

ஆகவே கடிகாரம் வைத்திருப்பவர்கள் காலிப்ரேஷனைச் சடங்காகச் செய்யாதீர்கள். காபி குடித்து, மாடி ஏறி வந்த கையோடு செய்ய வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். புஜம் நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். பட்டை சட்டைக்கு மேலே வேண்டாம். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். அந்தத் தப்பும் அப்படியே கடிகாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எந்தக் கை என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பட்டை இறுக்கும்போது அந்தக் கையின் நாடியே நின்றுவிடும். அதனால்தான் கடிகாரம் மற்றக் கையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் நம் வயதில் இரண்டு கைக்கும் பிரஷர் ஒன்றாக இருக்கும் என்பது நிச்சயமில்லை. முதலில் இரண்டு கையிலும் சில முறை அளந்து பாருங்கள். எந்தக் கை அதிகம் காட்டுகிறதோ அதில் பட்டை, மற்றதில் கடிகாரம். வித்தியாசம் எப்போதும் 10-க்கு மேல் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், அது தனி விஷயம். நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்கள் கடிகாரத்தின் பிரஷரை நம்பவே வேண்டாம். அவர்களுக்குப் பட்டையிலும் பல முறை அளந்து சராசரி பார்க்க வேண்டும்.

28 நாள் என்பது கம்பெனி வைத்த கெடு. உங்கள் உடம்பு அந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. மருந்து மாறினால், அளவு மாறினால், காய்ச்சலில் படுத்து எழுந்தால், அன்றைக்கே பழைய காலிப்ரேஷன் செத்துப்போனதாக வைத்துக்கொள்ளுங்கள். புது மருந்து உடம்பில் நிலைக்கும் வரை பட்டையை மட்டும் பாருங்கள்.

இதில் ஆப்பிள் கம்பெனி 2025-இல் எடுத்த வழி எனக்கு நேர்மையாகப் படுகிறது. அவர்கள் கடிகாரம் எண்ணே சொல்வதில்லை. முப்பது நாள் நாடி அலையைப் பார்த்து, பிரஷர் அதிகமாக இருக்கக்கூடும் என்று மட்டும் எச்சரிக்கிறது. பிறகு ஏழு நாள் பட்டை வைத்து அளந்து எழுதி டாக்டரிடம் போகச் சொல்கிறது. எச்சரிக்கை வராததால் பிரஷர் இல்லை என்று அர்த்தமில்லை என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வாருக்குள்ளேயே குட்டிக் காற்றுப்பை வைத்து மணிக்கட்டை இறுக்கும் கடிகாரங்களும் உண்டு. அவை வேறு சாதி, நான் சொன்ன குறை அவற்றுக்குப் பொருந்தாது. பட்டையில்லாக் கருவிகளை வைத்து நோயை முடிவுகட்டவோ மருந்தை மாற்றவோ வேண்டாம் என்று ஐரோப்பிய இரத்த அழுத்தச் சங்கமும் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

நம் புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன்காரர்கள் இன்னமும் பிரஷரை "தூஸ்-உய்த்" என்பார்கள். பன்னிரண்டு, எட்டு. 120/80-ஐச் சென்டிமீட்டர் பாதரசத்தில் சொல்லும் பழக்கம் அது. கடைசி இலக்கத்தை யாரும் பெரிதுபண்ணவில்லை. கடிகாரம் 127 என்று மூன்று இலக்கத்தில் சொல்லும்போது அதில் ஏழையும் நம்பாதீர்கள், சில சமயம் இரண்டையும் நம்பாதீர்கள். பட்டை கட்டிப் பார்க்க நினைவுபடுத்தும் மணியாக அதை வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ விடவோ வேண்டாம். நெஞ்சு வலித்தால், வாய் கோணினால், கை கால் மரத்தால், பேச்சுக் குழறினால், கடிகாரம் 120/80 காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.