பென்டிங் எண்டால் காசு எங்க நிக்குது?

மாசக் கடைசியில் எங்கட வட்ஸ்அப் குறூப்புகளில் கட்டாயம் வருகிற கேள்வி இது: “என்ர கணக்கில காசு வெட்டுப்பட்டிட்டுது, அவைக்குப் போய்ச் சேரேல்ல, பென்டிங் எண்டு காட்டுது. இப்ப காசு எங்க நிக்குது?” இரண்டு வங்கிக்கும் நடுவில் எங்கேயோ காசு சிக்கிக்கிடக்கிறது என்றுதான் நாங்கள் எல்லாரும் கற்பனை செய்கிறோம். ஆனால் அந்த நடுவழியில் ஓடுவது காசு இல்லை.

ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாக அனுப்பும்போது பல ஆப்புகளில் CEFTS என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். 2015 இல் தொடங்கிய சேவை அது. அப்போது லங்காகிளியர் என்றிருந்து இப்போது லங்காபே என்று பெயர் மாறியிருக்கிற நிறுவனம் நடத்துகிறது. அதனுடைய முக்கியமான வேலை, வங்கிகளுக்கிடையில் செய்தி காவுவதுதான்.

ஒருவர் 12,500 ரூபா அனுப்புகிறார் என்று வைப்போம். முதலில் அவருடைய வங்கி அந்தத் தொகையை அவர் கணக்கில் கழிக்கிறது. பிறகு “இந்தக் கணக்குக்கு 12,500 வரவு வையுங்கோ” என்று ஒரு செய்தி, ஒரு ரெஃபரன்ஸ் இலக்கத்தோடு, நடுவிலிருக்கிற சுவிட்ச் வழியாக மற்ற வங்கிக்குப் போகிறது. மற்ற வங்கி கணக்கைத் தேடி, வரவு வைத்து, “சரி” என்று பதில் அனுப்பவேண்டும். இவ்வளவும் சில செக்கனில் முடிந்துவிடும். வங்கிகள் தங்களுக்குள் காசைத் தீர்ப்பது பிறகுதான். யார் யாருக்கு எவ்வளவு என்று கூட்டிக் கழித்து, மிஞ்சுகிற தொகையை மட்டும் மத்திய வங்கியின் லங்காசெட்டில் முறையில் கொடுத்து வாங்குகின்றன.

கணக்கு இலக்கம் பிழை, கணக்கு மூடியிருக்கு என்றால் மற்ற வங்கி “இல்லை” என்று சொல்லும். காசு உடனே திரும்பும். அதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வருவது மற்றப் பக்கம் பேசாமல் இருக்கும்போது. குறித்த செக்கனுக்குள் பதில் வராவிட்டால் ரைம் அவுட். அந்த மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். செய்தி அங்கே போய்ச் சேரவேயில்லை. அல்லது போய்ச் சேர்ந்து, 12,500 வரவும் வைத்தாகிவிட்டது, திரும்பி வந்த “சரி”தான் வழியில் துலைந்துவிட்டது. அனுப்பிய வங்கியின் கணினிக்கு இரண்டும் ஒரேமாதிரித்தான் தெரியும். காசைத் திருப்பிப் போட்டால் மற்றவருக்கும் போயிருக்கலாம். போடாமல் விட்டால் அனுப்பியவருக்கு நட்டம் வரலாம். அதனால்தான் அது எந்தப் பக்கமும் முடிவெடுக்காமல் நிற்கிறது. சம்பளநாளில் சனம் ஒரே நேரத்தில் ஏறுவதும், நடுச்சாமத்தில் வங்கிகள் நாள்முடிவுக் கணக்குப் பார்ப்பதும் பதில் பிந்துவதற்கான வழக்கமான காரணங்கள்.

பிறகு கணினிகள் அதே ரெஃபரன்ஸ் இலக்கத்தைச் சொல்லி “என்ன நடந்தது?” என்று திரும்பக் கேட்கலாம். அதிலும் தெளியாவிட்டால் இரண்டு வங்கியினதும் சுவிட்சினதும் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அங்கே ஆள் இருந்து பார்க்கவேண்டி வந்தால் சனி, ஞாயிறு, போயா எல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும்.

எங்களுக்குக் கோபம் வருவது ரைம் அவுட்டில் இல்லை. தொழில்நுட்பம் என்றால் அது நடக்கும். கோபம் வருவது திரையில் எழுதுகிற சொல்லில். பதில் வராததற்கு “பெயில்ட்” என்று போடுகிற ஆப்புகள் இருக்கின்றன. அதைப் பார்த்தவர் என்ன செய்வார்? திரும்பவும் அனுப்புவார். இரண்டாம்முறை அனுப்பும்போது புது ரெஃபரன்ஸ் இலக்கம் விழும், ஆகவே சுவிட்சுக்கு அது புதுக் கொடுப்பனவு. முதல் 12,500 உம் போய், இரண்டாவது 12,500 உம் போய், பிறகு மற்றவரிடம் கெஞ்சித் திருப்பி வாங்கவேண்டிய நிலை. “மற்ற வங்கியிட்ட இருந்து பதில் வரேல்ல, திரும்ப அனுப்பாதேங்கோ” என்று மூன்று மொழியிலும் எழுத எவ்வளவு இடம் வேணும்?

நாள்கணக்கும் அப்படித்தான். இந்தியாவில் யூபிஐ வழியாக ஒருவருக்கு அனுப்பிய காசு வெட்டுப்பட்டும் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் அது தானாகத் திரும்பவேண்டும், பிந்தினால் நாளுக்கு 100 இந்திய ரூபா வாடிக்கையாளருக்கு நட்டஈடு என்று ரிசர்வ் வங்கி 2019 இல் விதி போட்டது. நாங்கள் பாவிக்கிற ஆப்புகளில் பென்டிங்குக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கெடுவைக் கண்டதில்லை. “பொறுங்கோ” என்பதோடு சரி. எத்தனை நாள் என்று மத்திய வங்கி சொல்லவைக்கவேண்டும், அதை ஆப்பின் அந்தத் திரையிலேயே காட்டவும் வைக்கவேண்டும் என்பது எங்கட நிலைப்பாடு.

அதுவரை, பென்டிங்கைக் கண்டால் திரும்ப அழுத்தாதேங்கோ. ரெஃபரன்ஸ் இலக்கத்தைக் குறித்துவைத்து, மற்றவரிடம் எஸ்எம்எஸ் வந்ததா என்று கேட்காமல் கணக்கின் மீதியையே பார்க்கச் சொல்லுங்கோ, எஸ்எம்எஸ் வேறு வழியாக வருவது. முறைப்பாட்டை அனுப்பிய வங்கியில்தான் தொடங்கவேண்டும். கடை வைத்திருக்கிற ஆட்களுக்கும் ஒன்று: ஸ்கிரீன்ஷொட் காட்டுவது அனுப்பியவரின் போனில் இருப்பதை மட்டுந்தான். உங்கட வங்கி சொல்லவேண்டிய “சரி” அதில் இல்லை.