ராட்டினத்துக்கு சான்று இருக்கு, சரி... இன்று காலை காலியாக ஓட்டிப் பார்த்தாங்களா?

திருவப்பூர் மாசித் திருவிழா, நார்த்தாமலை பங்குனித் திருவிழா என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் கோயில் திருவிழாக்கள் வரிசை கட்டும் மாதங்களில், திடல்களில் ராட்டினங்களும் எழும்பிவிடும். ‘அனுமதி வாங்கியிருக்காங்க, அப்புறம் என்ன பயம்?’ என்றுதான் நாமும் டிக்கெட் எடுக்கிறோம். ஆனால் அந்த அனுமதி எதற்குப் பொறுப்பு ஏற்கிறது?

சான்று சொல்வது என்ன?

பொறியாளர் பார்த்த நாளில் ராட்டினம் நன்றாக இருந்தது. அவ்வளவுதான். பூங்காவில் இருக்கும் ராட்டினம் ஒரே இடத்தில் நிற்கிறது. திருவிழா ராட்டினமோ ஊருக்கு ஊர் லாரியில் போகிறது. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டும்போது ஒரு போல்ட் தளர்வாக நிற்கலாம், பின் வெளியே வராமல் தடுக்கும் கிளிப்பைப் போட மறந்துவிடலாம். ராத்திரி ஒரு மழை பெய்தால் போதும், அடியில் வைத்த கட்டை மண்ணில் இறங்கி மொத்த அமைப்பும் ஒரு பக்கம் சாயும். நேற்றைய சான்றுக்கு இதெல்லாம் தெரியாது.

காலையில் என்ன நடக்க வேண்டும்?

முதலில் ராட்டினத்தைச் சுற்றி ஒரு நடை. கட்டைகள் இறங்கியிருக்கிறதா, அடித்தளம் மட்டமாக இருக்கிறதா, ஒவ்வொரு பின்னிலும் கிளிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்து, அதிலிருந்து துரு கசிந்திருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். அதன் மேல் புது பெயின்ட் அடிப்பது பழுது பார்ப்பது ஆகாது, ஆதாரத்தை மறைப்பதுதான்.

அடுத்தது காலி ஓட்டம். யாரையும் ஏற்றாமல் முழு வேகத்தில் சில சுற்றுகள் ஓட்டி, புது சத்தம், அதிர்வு ஏதாவது வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பிரேக் போட்டால் வழக்கமான தூரத்தில் நிற்கிறதா, அவசர நிறுத்த பட்டன் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எடையோடு சோதிக்க வேண்டுமென்றால் இருக்கையில் மணல் மூட்டை வைக்கலாம்.

‘காலியாக’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில், சோதனை ஓட்டத்தின்போது ஒரு ராட்டினம் சரிந்து ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். ராட்டினத்தில் இருந்தவர்கள் ஊழியர்கள்தான். அங்கே மணல் மூட்டை இருந்திருந்தால் அது கிழிந்திருக்கும், ஓர் உயிர் போயிருக்காது.

லாக் விழுந்தாச்சா?

இந்தக் கேள்விக்குக் கண் பதில் சொல்லக் கூடாது, கைதான் சொல்ல வேண்டும். மடியில் விழும் கம்பியை ஊழியர் கீழே அழுத்தி, பிறகு மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இருக்கையிலும், ஒவ்வொரு சுற்றிலும். பெரியவர் பக்கத்தில் குழந்தை உட்கார்ந்தால் கம்பி பெரியவரின் மடியில் முட்டி நின்றுவிடும். குழந்தைக்கு மேலே இடைவெளி அப்படியே இருக்கும். லாக் சரிதான், ஆனால் குழந்தைக்குப் பிடிப்பு இல்லை.

சென்சார் வைத்த நவீன ராட்டினத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ஃப்ரீ ஃபால் கோபுர ராட்டினத்தில் இருந்து 14 வயது சிறுவன் விழுந்து இறந்தான். அவனுடைய இருக்கையின் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. தோள் கம்பி வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடைவெளியோடு நின்றபோதும், லாக் ஆகிவிட்டதாகவே விளக்கு காட்டியது. இயந்திரமும் கிளம்பியது. அந்த இடைவெளியை யாராவது பார்த்து நிறுத்தியிருந்தால் ராட்டினம் கிளம்பியிருக்காது.

நாம் கேட்பது ஒன்றுதான்

காலைச் சோதனைக்கு ஒரு தாள் போதும். தேதி, நேரம், பார்த்தவை, ஓட்டிய சுற்றுகள், கையெழுத்து. அதை டிக்கெட் கவுன்ட்டரில் ஒட்டுவதை அனுமதியின் நிபந்தனையாக மாவட்ட நிர்வாகம் சேர்க்க வேண்டும். திருவிழா நடக்கும்போது ஒருநாள் காலையில் அதிகாரி ஒருவர் சொல்லாமல் வந்து, காலி ஓட்டம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாளை மட்டும் பார்த்தால், எல்லா நாளுக்கும் சேர்த்து ஒரே ராத்திரியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. குழாய்க்கு உள்ளே அரித்த துருவைக் காலை நடையில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அல்ட்ராசோனிக் கருவியோடு வரும் பொறியாளர் வேண்டும். ஆனால் கழன்ற கிளிப்புக்கும், இறங்கிய கட்டைக்கும், பிடிக்காத கம்பிக்கும் கருவி தேவையில்லை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: ஒரு சுற்று வெளியே நின்று பாருங்கள். ஊழியர் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்க்கிறாரா, இல்லை தூரத்தில் நின்றே விசில் அடிக்கிறாரா? விசில் மட்டும்தான் என்றால் டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, ஏறாதீங்க.