முதலில் அவர் பெயர், பிறகு உங்கள் பெயர்



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டியைச் சுற்றி எத்தனை ஊர்களில் கரண்டும் போனும் ஒன்றாகப் போயின என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் உதவிக்கு நின்ற பொடியன்களிடம் நாலு வோக்கி டோக்கி இருந்தது. அதற்கு லைசன்ஸ் இருந்ததா என்பது வேறு கதை. ஒரு பகல் அதில் நடந்த பேச்சு இது:

"ஹலோ, சாப்பாடு வந்திட்டா?"
"ஓ, வந்திட்டு."
"எத்தனை பார்சல்?"
"அறுபது."

கேட்டவர் பள்ளிவாசலில் இருந்தார். மேல் றோட்டில் நிற்பவன்தான் பதில் சொல்கிறான் என்று நினைத்தார். சொன்னவன் நின்றது பாடசாலையில். மேல் றோட்டில் இருந்த குடும்பங்களுக்கு அன்று பகல் சாப்பாடு கிடைத்தது அஸருக்குப் பிறகுதான். ஒருவரும் பொய் சொல்லவில்லை, செட்டும் நன்றாகவே வேலை செய்தது.

விமானிகள் இப்படிப் பேசுவதில்லை. கட்டுநாயக்காவுக்கு இறங்க வரும் விமானி புது அலைவரிசைக்கு மாறியதும் முதலில் சொல்வது "கொழும்பு அப்ரோச்". அடுத்தது தன் பெயர், "ஸ்ரீலங்கன்" என்ற சொல்லும் பயண இலக்கமும். அதன் பிறகுதான் எந்த உயரத்தில் வருகிறார் என்ற செய்தி. கட்டுப்பாட்டாளர் பேசும்போது முதலில் விமானத்தின் பெயர் வரும். யார் பேசினாலும் கேட்க வேண்டியவரின் பெயர்தான் முன்னால்.

காரணம் எளிது. ஒரே அலைவரிசையில் பல விமானங்கள் இருக்கும், எல்லோருக்கும் எல்லாம் கேட்கும். விமானி மற்ற வேலைகளில் இருந்தாலும் தன் பெயர் விழுந்ததும் காதைக் கொடுப்பார். பெயர் கடைசியில் வந்தால் செய்தி ஏற்கனவே போய்விட்டிருக்கும். பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு இதற்கு நேர்மாறாகத்தான் படிப்பித்தார்கள்: முதலில் கேள்வியைக் கேள், கொஞ்சம் பொறு, பிறகு பிள்ளையின் பெயரைச் சொல். அப்போதுதான் முழு வகுப்பும் யோசிக்கும். ரேடியோவில் முழு வகுப்பும் யோசிக்கத் தேவையில்லை, ஒருவர் கேட்டால் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. பொத்தானை அமத்திய கையோடு பேசினால் முதல் அசை வெட்டுப்படும். "வராதே" என்பது "ராதே" என்று போய்ச் சேரும். முன்னால் ஒரு பெயர் இருந்தால் வெட்டுப்படுவது அந்தப் பெயரின் நுனிதான்.

இனி சலாம். வளைகுடா வான்வெளியில் விமானிகள் முதல் அழைப்பில் "சலாம் அலைக்கும்" சொல்வது வழமை. மற்ற இடங்களில் "குட் மோர்னிங்". இது விதியில் இல்லை. மரியாதைச் சொற்களைக் கூட்ட வேண்டாம் என்றுதான் கைநூல்கள் சொல்கின்றன. ஆனாலும் அது வீண் பேச்சு இல்லை என்பது என் கருத்து. முதல் தொடர்பில் மட்டும் சொல்வதால், புதிதாக ஒருவர் வந்திருக்கிறார் என்பது கேட்பவருக்கு விளங்கும். அவருடைய குரலும் சிக்னலும் எப்படி என்பதும் அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும். இரண்டாம் தடவை சொன்னால்தான் அது இடைஞ்சல்.

அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் "சீகியூ, சீகியூ" என்கிறார்கள். கேட்கிற யாரும் வரலாம் என்று அர்த்தம். அதை அடுத்துத் தன் குறியீட்டைச் சொல்வார்கள். இலங்கையில் அது பெரும்பாலும் 4S7 என்று தொடங்கும். அதனால் உலகத்தில் எங்கிருந்து கேட்டாலும் இது இலங்கைக் குரல் என்று தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையில் செய்தி கொண்டுபோனவர்களில் இந்த ஆட்களும் இருந்தார்கள்.

பெயர் வைத்தால் மட்டும் போதாது. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு இலக்கங்கள் ஒரே அலைவரிசையில் வந்தால், ஒருவருக்குக் கொடுத்த உத்தரவை மற்றவர் எடுத்துக்கொள்வார். அதனால்தான் விமானி உத்தரவைத் திருப்பிச் சொல்லும்போது தன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார். தவறான ஆள் பதில் சொன்னால் அங்கேயே பிடிபடும். பெயர்கள் மிக நெருக்கமாக இருந்தால் ஒரு விமானத்தின் அழைப்புப் பெயரைத் தற்காலிகமாக மாற்றியும் விடுவார்கள்.

எங்கள் பொடியன்களும் பிறகு பெயர் வைத்தார்கள். ஒன்று "பள்ளி", மற்றது "பள்ளிக்கூடம்". பாதிச் சொல் காற்றில் போனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னேன். இப்போது "மஸ்ஜித்", "ஸ்கூல்", "மேல் றோட்" என்று மாற்றி, செட்டின் முதுகில் டேப் ஒட்டி எழுதியிருக்கிறோம். நாலாவதுக்கு இன்னும் பெயர் இல்லை. நல்ல பெயர் தெரிந்தால் கொமென்ட்டில் சொல்லுங்கள். "மஸ்ஜித்" மாதிரி ஒலிக்காததாக இருக்கட்டும்.