எந்தப் பிள்ளையோடு எந்தப் பிள்ளையை ஒப்பிடுவது? இல்லம் தேடிக் கல்வி காட்டும் பாடம்

ஓர் அரசுத் திட்டம் வெற்றி பெற்றதா என்று கேட்டால் நமக்குப் பெரும்பாலும் இரண்டு வகை விடைகள் கிடைக்கின்றன. ஆளும் தரப்பு பயனாளிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. எதிர்த் தரப்பு, திட்டத்திற்குப் பின்னும் பின்தங்கியிருப்பவர்களைச் சுட்டிக்காட்டுகிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் திட்டத்தால் என்ன மாறியது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. அதை அறிய வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும்: இத்திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் இதே மக்கள் இன்று எந்த நிலையில் இருந்திருப்பார்கள்?

அந்த நிலையை எவரும் நேரில் காண முடியாது. ஒரே பிள்ளை ஒரே காலத்தில் திட்டத்திற்கு உள்ளேயும் வெளியேயும் இருக்க இயலாது. எனவே அப்பிள்ளைக்கு மாற்றாக, திட்டம் எட்டாத வேறு பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறோம். இவர்களே ஒப்பீட்டுக் குழு. இக்குழுவை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பே தலைகீழாகும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கான திட்டங்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அதை விளக்க நம் மாநிலத்திலேயே நன்கு ஆராயப்பட்ட திட்டம் ஒன்று உண்டு.

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. அதற்குச் சில நாள்கள் முன்பாக, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. உள்ளூர்த் தன்னார்வலர்கள் பள்ளி முடிந்த பின் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்பது திட்டம். முதற்கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்ட 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று.

குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தில் ஒரு கிராமத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பின்வரும் மதிப்பெண்கள் விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டவை. டிசம்பரில் பிள்ளைகள் அனைவருக்கும் கணக்கில் ஒரு தேர்வு வைக்கிறோம். மாலை மையத்திற்குச் செல்லும் பிள்ளைகளின் சராசரி 30. செல்லாதவர்களின் சராசரி 42. செல்பவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். செல்லாதவர்களில் பலருக்கு வீட்டில் சொல்லித்தர ஆள் உண்டு, அல்லது தனிப்பயிற்சிக்குப் பணம் உண்டு. ஏப்ரலில் மீண்டும் அதே தேர்வு. இப்போது செல்பவர்களின் சராசரி 48, செல்லாதவர்களின் சராசரி 54.

திட்டத்தைப் புகழ விரும்புபவர் முன்னையும் பின்னையும் மட்டும் பார்ப்பார். 30 என்பது 48 ஆயிற்று, ஆகவே திட்டத்தின் பயன் 18 மதிப்பெண் என்பார். ஆனால் மையத்தின் பக்கமே போகாத பிள்ளைகளும் 12 மதிப்பெண் உயர்ந்திருக்கிறார்கள். காரணம், பள்ளி திறந்துவிட்டது. ஆசிரியர் வகுப்பறைக்குத் திரும்பியதன் பயனை மாலை மையத்தின் கணக்கில் எழுதுவது முறையல்ல.

திட்டத்தை மூட விரும்புபவர் முடிவை மட்டும் பார்ப்பார். சென்றவர்கள் 48, செல்லாதவர்கள் 54. திட்டத்தில் சேர்ந்தவர்கள் 6 மதிப்பெண் பின்தங்கியிருக்கிறார்கள், ஆகவே திட்டம் தோல்வி என்பார். அவர்கள் தொடக்கத்திலேயே 12 மதிப்பெண் பின்னால் நின்றார்கள் என்பது இந்தக் கணக்கில் மறைந்துபோகிறது. இது வெறும் கணக்குப் பிழை அன்று. பின்தங்கியவர்களுக்கென்றே அமைந்த எத்திட்டத்தையும் இவ்வழியில் தோல்வி என்று நிறுவிவிடலாம். ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டை நெய்வேலி நகரியத்துப் பள்ளி ஒன்றின் தேர்ச்சி விழுக்காட்டோடு நேராக வைத்துப் பேசுபவர்கள் செய்வதும் இதைத்தான். அங்கே ஒப்பிடப்படுவது இரு பள்ளிகளின் உழைப்பு அன்று, அப்பள்ளிகளுக்குள் நுழையும் முன்பே பிள்ளைகளிடம் இருந்த வேறுபாடு.

மூன்றாவது வழி, இரு குழுக்களின் உயர்வையும் ஒப்பிடுவது. சென்றவர்கள் 18 உயர்ந்தார்கள், செல்லாதவர்கள் 12 உயர்ந்தார்கள். வேறுபாடு 6. முதல் இரண்டு கணக்கையும்விட இது நேர்மையானது. ஆனாலும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. மிகவும் பின்தங்கிய பிள்ளை, மறந்ததை நினைவுகூரும்போது, மையம் இல்லாமலே வேகமாக மீண்டிருக்கக் கூடுமே? அதனால் நான்காவதாக ஒன்று செய்கிறோம். டிசம்பரில் ஒரே மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை மட்டும் எதிரெதிரே நிறுத்துகிறோம். மையத்திற்குச் செல்லாமலும் டிசம்பரில் 30 எடுத்த பிள்ளைகள் ஏப்ரலில் 44க்கு வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30இலிருந்து தொடங்கி மையத்திற்குச் சென்றவர்கள் 48. இப்போது பயன் 4.

ஒரே கிராமம், ஒரே தேர்வு. ஆனால் விடைகள் 18, குறை 6, 6, 4 என நான்கு. இவற்றுள் கடைசி விடையே நம் கேள்விக்கு மிக நெருங்கியது.

அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துச் செய்த ஆய்வு இந்த நான்காம் வழியைச் சார்ந்தது. அதே கிராமங்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, 2021 டிசம்பரில் கணக்கில் ஏற்பட்டிருந்த இழப்பு 0.73 திட்ட விலக்கம், தமிழில் 0.34. இதை எளிமையாகச் சொல்வதானால், 2019ஆம் ஆண்டுப் பிள்ளைகள் நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், 2021இல் நடுவில் இருந்த ஒரு பிள்ளை அவ்வரிசையில் கீழிருந்து ஏறத்தாழ 23ஆம் இடத்தில்தான் நிற்க முடியும். பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது.

இந்த மீட்சி முழுவதையும் இல்லம் தேடிக் கல்வியின் சாதனை என்று அறிவித்திருக்கலாம். ஆய்வாளர்கள் கண்டது வேறு: மீட்சியில் சுமார் 24 விழுக்காடு மட்டுமே இத்திட்டத்தால் வந்தது. மூன்று நான்கு மாதங்களில் மையத்திற்குச் சென்ற பிள்ளை கணக்கில் 0.17, தமிழில் 0.09 திட்ட விலக்கம் கூடுதலாக உயர்ந்தது. நூறு பேர் வரிசையில் நடுவில் நின்ற பிள்ளை கணக்கில் ஏழு பேரைத் தாண்டி முன்னே வந்ததற்கு இது சமம். மாலை நேரத் தன்னார்வலரால் சில மாதங்களில் இவ்வளவு என்பது சிறிதல்ல. இன்னொரு முடிவு நமக்கு மேலும் முக்கியமானது. இழப்பு ஏழைப் பிள்ளைகளையே கூடுதலாகத் தாக்கியது, ஆனால் மீட்சியில் அவர்களே வேகமாக முன்னேறினார்கள். பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் இத்திட்டத்தில் கூடுதலாகச் சேர்ந்தது அதற்கு ஒரு காரணமாகலாம் என்கிறது ஆய்வு. முடிவை மட்டும் பார்க்கும் ஒப்பீட்டில் இந்த உண்மை தென்பட்டிருக்காது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. டிசம்பரில் ஒரே மதிப்பெண் எடுத்த இரு பிள்ளைகளில் ஒருவரை மட்டும் தாய் நாள்தோறும் மையத்திற்கு அனுப்புகிறார் என்றால், அந்தத் தாயின் அக்கறை மதிப்பெண்ணில் பதிவாவதில்லை. கூடுதல் உயர்வில் மையத்தின் பங்கு எவ்வளவு, தாயின் பங்கு எவ்வளவு என்று உறுதியாகப் பிரிக்க இயலாது.

அப்படிப் பிரிக்க வேண்டுமானால் குலுக்கல் தேவை. தமிழ்நாட்டிலேயே அதற்கும் சான்று உண்டு. முரளிதரன், அலெஹான்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோரின் ஆய்வில் 320 அங்கன்வாடிகளில் 160 குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவற்றுக்குக் கூடுதலாக ஓர் அரைநேரப் பணியாளர் தரப்பட்டார். எந்த மையத்துக்குப் பணியாளர் என்பதைத் தாயின் அக்கறையோ, அதிகாரியின் விருப்பமோ, ஊரின் செல்வாக்கோ தீர்மானிக்கவில்லை. ஆகவே பின்னர் தெரிந்த வேறுபாட்டிற்குப் பணியாளரே காரணம் என்று சொல்ல முடிந்தது. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, பிள்ளைகளின் கற்றல் உயர்ந்தது, வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன.

பாதிப் பிள்ளைகளுக்கு மறுப்பது நீதியா என்ற கேள்வி நம் தோழர்களிடமிருந்து எழும், எழவும் வேண்டும். சட்டம் உரிமையாக அளித்த ஒன்றை ஆய்வின் பெயரால் எவருக்கும் மறுக்க முடியாது. ஆனால் புதிய உதவி ஒன்றுக்கு இந்த ஆண்டு பாதி மையங்களுக்கே நிதி உண்டு என்றால், எந்தப் பாதி என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்யத்தான் போகிறார். செல்வாக்கு முடிவு செய்யும்போது நம் குடியிருப்புகளே கடைசியில் நிற்கின்றன. குலுக்கலில் அப்படி நேர்வதில்லை.

எஞ்சுவது சராசரி என்னும் திரை. மையம் ஊர்த் தெருவில் உள்ள ஒரு வீட்டில் நடக்கிறது, சேரிப் பிள்ளைகள் அங்கே செல்லத் தயங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றியத்தின் சராசரி உயரும், சேரியின் மதிப்பெண் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் ஒப்பீடு சேரிக்கு உள்ளேயும் தனியாக நடக்க வேண்டும்: மையம் உள்ள சேரியும் மையம் இல்லாத சேரியும், ஒரே தொடக்க நிலையில் உள்ள பிள்ளைகளும்.

இதற்கு வேண்டிய தரவை எப்படிப் பெறுவது? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அரசிடம் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தையே தரச் சொல்கிறது, இல்லாத தகவலை உருவாக்கித் தரச் சொல்வதில்லை. தனி ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணையும் கேட்டுப் பெற முடியாது, கேட்கவும் கூடாது. மையம் எந்தத் தெருவில், எந்த நாளில் தொடங்கியது, சமூகப் பிரிவு வாரியாக எத்தனை பேர் வந்தார்கள், அவர்களின் தொடக்கச் சராசரி என்ன, இறுதிச் சராசரி என்ன என்று கேட்கலாம். பதிவு இருந்தால் விடை வரும். தொடக்க நிலை பதியப்படவே இல்லை என்றால் எந்த மேல்முறையீடும் அதைப் பின்னாளில் படைத்துத் தராது.

மேற்சொன்ன பள்ளி ஆய்வு சாத்தியமானதற்கே காரணம், 2019இல் அக்கிராமங்களில் பிள்ளைகளைச் சோதித்த பதிவு இருந்ததுதான். ஆகவே நம் கோரிக்கை திட்டம் முடிந்த பின் ‘பயன் என்ன?’ என்று கேட்பதாக மட்டும் இருத்தல் ஆகாது. அரசாணை வெளியாகும் நாளிலேயே நாம் கேட்க வேண்டியவை இரண்டு: தொடக்க நிலை சமூகப் பிரிவு வாரியாகப் பதியப்படுகிறதா? யாரோடு யாரை ஒப்பிடப் போகிறீர்கள்?