‘நூறு வீதம் சித்தி’: எத்தனை புள்ளிக்குச் சித்தி?



வருடம் பிறக்கும்போது புலமைப்பரிசில் வகுப்புகளுக்குப் பிள்ளை சேர்க்கும் விளம்பரங்களும் வந்துவிடுகின்றன. கண்டி மணிக்கூட்டுக் கோபுர பஸ் நிலையம் தொடங்கி கம்பளை, புசல்லாவை, கலஹா கடைவீதிகள் வரை சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன. வட்ஸ்அப் வழியாக அவை லயத்துக்குள்ளும் வந்து சேர்கின்றன. மாலை போட்ட பிள்ளைகளின் படங்களோடு ‘நூறு வீதம் சித்தி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இந்தச் ‘சித்தி’ என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இங்கே சொல்கிறோம்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள்கள். மொத்தப் புள்ளிகள் 200. இதில் பேசப்படும் எல்லைகள் இரண்டு. ஒன்று 70 புள்ளி. மற்றது மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கப்படும் வெட்டுப்புள்ளி. தமிழ் மொழிமூலத்துக்கு அண்மைய ஆண்டுகளில் அது 130ஐ ஒட்டியோ அதற்கு மேலோதான் இருந்து வருகிறது. உதவிப்பணத்துக்குத் தகுதி பெறுவதற்கு இந்த வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். அதிலும் குடும்ப வருமானம் பார்க்கப்படும். பெரிய பாடசாலையொன்றில் ஆறாம் தரத்துக்கு இடம் கிடைக்க, அந்தப் பாடசாலைக்கென்று உள்ள வெட்டுப்புள்ளியையும் எட்ட வேண்டும். 70 புள்ளி இந்த இரண்டில் எதையும் தராது.

விளம்பரத்தில் சொல்லப்படும் ‘சித்தி’ பெரும்பாலும் இந்த 70தான். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் பரீட்சை எழுதியதாக வைத்துக்கொள்வோம். 38 பேர் 70ஐத் தாண்டினால் ‘95 வீதம் சித்தி’ என்று போடலாம், அது பொய்யல்ல. ஆனால் நாடு முழுவதிலும் பரீட்சை எழுதும் பிள்ளைகளில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் 70ஐத் தாண்டிவிடுகிறார்கள். அந்த வகுப்புக்குப் போகாவிட்டாலும் 40 பேரில் 30 பேராவது தாண்டியிருப்பார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது நாடளாவிய ரீதியில் ஆறு, ஏழு பேருக்கு ஒருவர்தான். அந்தக் கணக்குப்படி 40 பேரில் ஆறு பேர். நம் உதாரண வகுப்பில் நான்கு பேர்தான் தாண்டினார்கள் என்றால், அது நாட்டின் சராசரிக்கும் குறைவு. சுவரொட்டியில் 38 தெரியும், நான்கு தெரியாது.

படங்களிலும் கவனம் வேண்டும். ஒரே பிள்ளை இரண்டு மூன்று வகுப்புகளுக்குப் போயிருந்தால் எல்லாச் சுவரொட்டியிலும் அதன் படம் வரும். கடைசி இரண்டு மாதம் மட்டும் மாதிரி வினாத்தாள் செய்ய வந்த கெட்டிக்காரப் பிள்ளையும் ‘எமது மாணவர்’ ஆகிவிடும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். போன முறை உங்கள் வகுப்பிலிருந்து எத்தனை பேர் எழுதினார்கள்? கண்டி மாவட்டத் தமிழ் மொழிமூல வெட்டுப்புள்ளியை எத்தனை பேர் தாண்டினார்கள்? அவர்கள் எத்தனை மாதம் உங்களிடம் படித்தார்கள்? நேர்மையான ஆசிரியருக்கு இதில் கோபம் வராது. வகுப்பு சொல்லும் கணக்கை நம் பாடசாலை அதிபரிடமும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகளின் பெறுபேறுகள் அவரிடம் இருக்கும்.

செலவையும் பேர்க் கணக்கிலேயே பார்ப்போம். மாதக் கட்டணம் 2,500 ரூபா, வினாத்தாளுக்கு 500, தாயும் பிள்ளையும் நான்கு ஞாயிறு பஸ்ஸில் வந்துபோக 1,000 என்றால் மொத்தம் 4,000. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில், பிடிப்புகளுக்கு முன்பே, இது மூன்று பேராக இருந்தது. பத்து மாதத்துக்கு முப்பது பேர். வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டால் கொடுக்க வேண்டாம். மாதா மாதம் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

‘கடைசி நேரக் கருத்தரங்கு’ என்ற விளம்பரமும் வரும். பரீட்சைக்குச் சில நாட்கள் முன்பிருந்து பரீட்சை முடியும் வரை வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம், அவற்றுக்கான விளம்பரம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு முறையும் தடைசெய்கிறது. அந்த நாட்களில் யாராவது நடத்தினால் திணைக்களத்தின் 1911 இலக்கத்துக்கோ பொலிஸுக்கோ அறிவிக்கலாம்.

நம்மை அதிகம் கலங்க வைப்பது ‘இதில் தவறினால் பிள்ளையின் படிப்பு முடிந்தது’ என்ற வாசகம். ஐந்தாம் தரத்தோடு நின்றுவிடும் தோட்டப் பாடசாலைகள் பல இருப்பதால் அந்தப் பயம் நமக்குச் சுலபமாகப் பிடிக்கிறது. ஆனால் ஆறாம் தரத்துக்குப் போக இந்தப் பரீட்சையில் சித்தியடையத் தேவையில்லை. 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வெட்டுப்புள்ளி பெறாத பிள்ளைக்கும் ஆறாம் தரத்தில் இடம் கிடைத்தாக வேண்டும். இடமில்லை என்று திருப்பி அனுப்பினால் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

டியூஷனே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாடசாலையில் ஆசிரியர் போதாத இடத்தில் நல்ல வகுப்பு பிள்ளைக்குக் கைகொடுக்கும். வகுப்பு நடத்துவோரிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: எழுதியவர் எத்தனை, வெட்டுப்புள்ளி தாண்டியவர் எத்தனை என்ற இரண்டு எண்களையும் விளம்பரத்திலேயே போடுங்கள். போடாத வகுப்புக்கு நமது பேர்க் காசு போகக் கூடாது.