ஹோர்முஸைப் பூட்டும் உரிமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஈரானோடு யாராவது மோதும்போதெல்லாம் நம் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு வசனம் தவறாமல் வந்துவிடுகிறது: "ஹோர்முஸ் ஈரானின் வீட்டு வாசல். தன் வாசலைப் பூட்ட வீட்டுக்காரனுக்கு உரிமை இல்லையா?" 2025 ஜூனில் அமெரிக்கா ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கியது. நீரிணையை மூடலாம் என்று ஈரான் நாடாளுமன்றம் ஆதரவு தெரிவித்தது. அப்போதும் இதே வசனம்தான். சொன்னவர்களில் சட்டம் படித்தவர்களும் இருந்தார்கள் என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அந்தத் தாக்குதல் அநியாயம் என்று நினைக்கிறவன் நான். அநியாயம் நடந்தவனுக்காகப் பேசுகிறோம் என்பதற்காக, இல்லாத உரிமையை அவன் கையில் கொடுத்துவிட முடியாது.

முதலில் வாசல் யாருடையது என்று பார்ப்போம். ஹோர்முஸ் நீரிணையின் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 21 கடல் மைல். வடகரை ஈரான், தென்கரை ஓமானின் முசந்தம் தீபகற்பம். ஈரான் 1959இலும் ஓமான் 1972இலும் தங்கள் எல்லைக்கடலைக் கரையிலிருந்து 12 கடல் மைல் என்று அறிவித்தன. இரண்டு பன்னிரண்டையும் கூட்டினால் 24. ஆகவே அந்தக் குறுகலில் யாருக்கும் சொந்தமில்லாத கடல் என்று ஒரு கீற்றுகூட மிச்சமில்லை. இதுவரை வசனக்காரர்கள் சொல்வது சரி. அதற்கு மேல் அவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே போகும் கப்பலுக்கு இரண்டு மைல் அகலப் பாதை, வெளியே வரும் கப்பலுக்கு இரண்டு மைல் அகலப் பாதை, நடுவே இரண்டு மைல் இடைவெளி. சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்றுக்கொண்ட இந்தப் போக்குவரத்துப் பாதைகள் நீரிணையின் முனையில், முசந்தத்தை ஒட்டி, ஓமானின் கடலில் இருக்கின்றன. இன்னும் உள்ளே போனால் துன்ப் தீவுகளுக்கு அருகே ஈரான் பக்கமாகவும் கப்பல்கள் போகின்றனவே என்பார்கள். போகின்றன. ஆனால் பூட்டப்போவதாகச் சொல்வது ஹோர்முஸைத்தானே?

சரி, பாதை முழுவதும் ஈரானின் கடலிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பூட்டும் உரிமை வராது. வீட்டு வாசல் என்ற உவமையையே எடுத்துக்கொண்டால், நிலம் உன்னுடையது, ஆனால் அதன் குறுக்கே ஊருக்கே வழிநடை உரிமை இருக்கிறது என்ற நிலைமைதான் இங்கே. பட்டா கையில் இருப்பதால் வேலி போட முடியாது.

கடல் சட்டத்தில் இந்த வழி உரிமை இரண்டு வகை. ஒன்று தீங்கற்ற கடப்பு. எந்த நாட்டின் எல்லைக்கடலிலும் அந்நியக் கப்பல் அமைதியைக் கெடுக்காமல் கடந்துபோகலாம். நீர்மூழ்கி என்றால் மேலே வந்து கொடியைக் காட்ட வேண்டும், விமானத்துக்கு இந்த உரிமை கிடையாது. பாதுகாப்புக்கு அவசியமானால் கரைநாடு குறிப்பிட்ட பகுதியில் இதைத் தற்காலிகமாக நிறுத்தியும் வைக்கலாம். இரண்டாவது இடைவழிக் கடப்பு. இது நீரிணைகளுக்காகவே 1982இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் புகுத்தப்பட்டது. காரணம் எளியது. மூன்று மைலாக இருந்த எல்லைக்கடல் 12 மைலாக விரிந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட நீரிணைகள் கரைநாடுகளின் எல்லைக்குள் விழுந்தன. 12 மைலுக்கு ஒப்புக்கொள்ள வேண்டுமானால் நீரிணைகளில் தடையற்ற வழி வேண்டும் என்று கடற்படை வல்லரசுகள் பேரம் பேசின. அதன்படி தங்காமல், தாமதிக்காமல் கடக்கும் எல்லாக் கப்பலுக்கும் வழி உண்டு. நீர்மூழ்கி மூழ்கியபடியே போகலாம், விமானம் மேலே பறக்கலாம். இந்தக் கடப்பைக் கரைநாடு எக்காரணம் கொண்டும் நிறுத்திவைக்கக் கூடாது என்று 44ஆம் பிரிவு சொல்கிறது.

இங்கேதான் வசனக்காரர்கள் தங்கள் பெரிய ஆயுதத்தை எடுப்பார்கள்: ஈரான் அந்த உடன்படிக்கையில் கையெழுத்துதான் போட்டது, உறுதிசெய்யவில்லை, ஆகவே அது ஈரானைக் கட்டுப்படுத்தாது. ஈரானே 1982இல் கையெழுத்திடும்போது, இடைவழிக் கடப்பு உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தது உண்மை. அமெரிக்காவும் அதில் சேரவில்லை. சரி, வாதத்துக்காக இதை முழுவதும் ஏற்றுக்கொள்வோம். 1982இன் உடன்படிக்கையை அப்படியே அப்பால் வைத்துவிடுவோம். அப்போது மிஞ்சுவது பழைய தீங்கற்ற கடப்பு. நீரிணையில் அதையும் நிறுத்த முடியாது என்று உலக நீதிமன்றம் 1949இலேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் இந்த விஷயத்தில் வாய் திறப்பது நியாயமல்ல.

வழக்கு கோர்ஃபு கால்வாய் வழக்கு. கிரேக்கத்தின் கோர்ஃபு தீவுக்கும் அல்பேனியக் கரைக்கும் நடுவே ஒரு குறுகிய நீரிணை. 1946 மே மாதம் அவ்வழியே போன இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை நோக்கி அல்பேனியப் பீரங்கிகள் சுட்டன. எங்கள் அனுமதி இல்லாமல் யாரும் வரக்கூடாது என்றது அல்பேனியா. அனுமதி கேட்கும் கடமை எங்களுக்கு இல்லை என்றது பிரிட்டன். அக்டோபர் 22ஆம் தேதி நான்கு போர்க்கப்பல்களை மறுபடி அனுப்பியது. சாரண்டே வளைகுடாவுக்கு எதிரே சாமரெஸ் என்ற நாசகாரிக் கப்பல் கண்ணிவெடியில் மோதியது. அதைக் கயிறு கட்டி இழுக்க வந்த வோலேஜ் என்ற கப்பலும் இன்னொரு கண்ணியில் மோதி முன்பகுதியை இழந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள்.

நீதிமன்றத்தில் அல்பேனியா வைத்த வாதங்களைப் படித்தால் இன்றைய விவாதங்களைக் கேட்பது போலவே இருக்கும். இது எங்கள் கடல். பக்கத்து நாடான கிரேக்கம் எங்களோடு போர்நிலையில் இருக்கிறது. வந்தவை வணிகக் கப்பல்கள் அல்ல, மிரட்ட வந்த போர்க்கப்பல்கள். தவிர, இந்த வழி அவசியமானதே இல்லை, தீவுக்கு மேற்கே சுற்றிப் போகலாம்.

நீதிபதிகள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார்கள். சுற்றுவழி இருக்கிறதா என்பது அளவுகோல் அல்ல என்றார்கள். பொதுக்கடலின் இரு பகுதிகளை அது இணைக்கிறதா, சர்வதேசக் கப்பல் போக்குவரத்துக்கு அது பயன்படுகிறதா என்பதே கேள்வி. அங்கே போக்குவரத்து இருந்ததற்குக் கணக்கும் காட்டப்பட்டது: 1936 ஏப்ரல் முதல் 1937 டிசம்பர் வரை அந்த வழியாக வந்து கோர்ஃபு துறைமுகத்தைத் தொட்டவை மட்டும் 2,884 கப்பல்கள். மிரட்டல் குற்றச்சாட்டையும் ஆராய்ந்தார்கள். மாலுமிகள் சண்டைக்குத் தயாராக நின்றாலும் பீரங்கிகள் கரையை நோக்கித் திருப்பப்படாமல் வழக்கமான நிலையில் இருந்தன. மே மாதம் சுடப்பட்ட அனுபவம் இருப்பதால் அந்த முன்னெச்சரிக்கை தவறல்ல. கிரேக்கத்தோடு இருந்த பதற்றத்தைக் கணக்கில் எடுத்து, போர்க்கப்பல் போக்குவரத்தை அல்பேனியா ஒழுங்குபடுத்தியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தடுக்கவோ, சிறப்பு அனுமதி கேட்கவோ உரிமை இல்லை. சமாதான காலத்தில் இத்தகைய நீரிணையைக் கரைநாடு மூட முடியாது. அக்டோபர் கடப்பால் பிரிட்டன் அல்பேனியாவின் இறையாண்மையை மீறவில்லை என்று 14 பேர் சொன்னார்கள், இருவர் மறுத்தார்கள்.

ஈரானோடு பொருத்திப் பாருங்கள். கோர்ஃபுவுக்குச் சுற்றுவழி இருந்தது. ஹோர்முஸுக்கு இல்லை. குவைத்தும் கத்தாரும் பஹ்ரைனும் கடல்வழியாக வெளியே வர வேறு வாசலே கிடையாது. சுற்றிப்போக வழியுள்ள இடத்திலேயே மூட முடியாதென்றால், வழியே இல்லாத இடத்தில் எப்படி மூடுவது? இந்தத் தீர்ப்பு வந்தபோது 1982இன் உடன்படிக்கை இல்லை, அதை யாரும் உறுதிசெய்ய வேண்டிய பேச்சும் இல்லை. நீதிபதிகள் சுட்டிக்காட்டியது நாடுகளின் பொதுவழக்கத்தை. அது ஈரானையும் கட்டும், அமெரிக்காவையும் கட்டும்.

அதே தீர்ப்பு பிரிட்டனையும் விட்டுவைக்கவில்லை. 1946 நவம்பரில் அனுமதியில்லாமல் அல்பேனியக் கடலுக்குள் புகுந்து கண்ணிகளை அகற்றியது இறையாண்மை மீறல் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். வழி உரிமை என்பது பிறர் கடலில் போலீஸ் வேலை பார்க்கும் உரிமை அல்ல. ஈரானின் நண்பர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தப் பகுதியைத்தான். அதை யாரும் பேசுவதில்லை.

"துருக்கி பாஸ்பரஸை மூடவில்லையா?" என்பார்கள். அது 1936இன் மாந்த்ரோ உடன்படிக்கைப்படி, தனி ஏற்பாடு. 2022இல் துருக்கி தடுத்ததும் போர்க்கப்பல்களைத்தான். கடந்துபோவதற்கே கட்டணம் வாங்கலாம் என்ற யோசனைக்கு ஒரு வரி போதும்: வழிகாட்டி மாலுமி, இழுவைப் படகு போன்ற சேவை செய்தால் அதற்குக் கூலி வாங்கலாம், கடந்ததற்காக மட்டும் காசு வாங்கக் கூடாது.

போர் வந்தால்? போரிடும் எதிரியின் கப்பல் மீது ஈரானுக்குப் போர்ச் சட்டப்படி உரிமைகள் உண்டு. அது அந்த எதிரிக்கு எதிரானது. கத்தாரின் எரிவாயுவை ஏற்றிக்கொண்டு குஜராத்தின் தஹேஜுக்கு வரும் கப்பலுக்கு எதிரானது அல்ல.

நடப்பில் இது எப்படி இருக்கிறது என்பதற்கு 2019 ஜூலை 19ஐப் பார்க்கலாம். பிரிட்டிஷ் கொடியுடன் வந்த ஸ்டெனா இம்பெரோ என்ற டேங்கரை ஈரானியப் புரட்சிக் காவல்படை ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கிப் பிடித்துச் சென்றது. கப்பலில் இருந்த 23 பேரில் 18 பேர் இந்தியர்கள். மீன்பிடிப் படகில் மோதியதாக ஈரான் சொன்னது. கப்பல் ஓமானின் கடலில் முறையாகக் கடந்துகொண்டிருந்தது என்று பிரிட்டன் பாதுகாப்புச் சபைக்கு எழுதியது. இரண்டு வாரங்களுக்கு முன் ஜிப்ரால்டரில் ஈரானிய எண்ணெயோடு வந்த கிரேஸ் 1 கப்பலைப் பிரிட்டன் பிடித்து வைத்திருந்ததற்கான பதிலடி இது என்பது எல்லோருக்கும் தெரியும். பிரிட்டன் செய்ததைக் கண்டியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் இரண்டு கப்பல்களிலும் சிக்கிக்கொண்ட மாலுமிகளில் பெரும்பாலோர் நம் நாட்டுப் பிள்ளைகள். வாசலைப் பூட்டு என்று இங்கே முழங்குகிறவர்கள் அந்தக் குடும்பங்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

ஈரான் செய்யக்கூடியவை நிறையவே உண்டு. எண்ணெயைக் கடலில் கொட்டும் கப்பலைச் சர்வதேச விதிகளின்படி தண்டிக்கலாம். பாதைகளை மாற்ற வேண்டுமானால் ஓமானோடு சேர்ந்து சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் கேட்கலாம்.

கடைசியாக, உடன்படிக்கையில் சேராததால் கட்டுப்பாடில்லை என்ற வாதம் யாரைக் கடிக்கும் என்று பார்க்க வேண்டும். ஈரானின் கச்சா எண்ணெயில் மிகப்பெரும் பகுதி கார்க் தீவில் ஏற்றப்படுகிறது. அந்த டேங்கர்கள் ஹோர்முஸில் கடப்பது ஓமானின் கடலை. பிறகு சீனாவுக்குப் போகும் வழியில் மலாக்கா நீரிணையில் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் கடல்களைக் கடக்கின்றன. ஓமானும் இந்த மூன்று நாடுகளும் உடன்படிக்கையை உறுதிசெய்தவை. இடைவழிக் கடப்பு சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் என்றால், சேராத ஈரானின் டேங்கரை முசந்தத்தின் முனையிலேயே ஓமான் நிறுத்திவைக்கலாம். அப்படி நிறுத்தினால் ஈரான் எந்தச் சட்டத்தைக் காட்டி வழி கேட்கும்? கோர்ஃபு தீர்ப்பைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.