சின்ன வேலைதான் அக்கா!

“அக்கா, ஒரு சின்ன வேலை இருக்கு. டைம் இருந்தா சொல்லுங்க.”

முன்பு நம்மோடு வேலை பார்த்தவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி அனுப்புவது சுலபம். படிப்பவருக்குத்தான் சங்கடம். சின்ன வேலை என்றால் இரண்டு நாளா, இரண்டு மாதமா? காசு உண்டா? ஒன்றாகக் கோப்பி குடித்துப் பழகியவரிடம் அதைக் கேட்க நம்மவர்களுக்குக் கூச்சம். அதனால் அழைப்பவரே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் குழு தீபாவளிக்கு ஒரு வானொலித் தொடர் செய்கிறது. லிட்டில் இந்தியாவின் பழைய கடைக்காரர்கள் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். அதை வெட்டி ஒட்டிக் கோக்க, முன்பு எங்கள் குழுவில் இருந்த அக்காவைத்தான் நினைத்தேன். இப்போது அவர் வீட்டிலிருந்தபடி சுயமாக ஒலித்தொகுப்பு செய்கிறார். குழுவை நடத்துபவள் என்ற முறையில் நான் அவருக்கு எழுதியது இது:

“அக்கா, 6 பாகங்கள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். ஒரு பாகத்துக்குச் சுமார் 90 நிமிடப் பேட்டி தருவோம். நீங்கள் தேர்ந்தெடுத்து, தொகுத்து, இசை சேர்த்துத் தரவேண்டும். திருத்தம் இரண்டு முறை. பேட்டி எடுப்பதும் அறிவிப்பு எழுதுவதும் எங்கள் வேலை. செப்டம்பர் 7 முதல் அக்டோபர் 2 வரை. பாகத்துக்கு 450 வெள்ளி, மொத்தம் 2,700. மூன்று பாகம் முடிந்ததும் பாதி, ஆறும் முடிந்ததும் மீதி. இன்வாய்ஸ் அனுப்பிய 14 நாளில் பணம் வரும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும். முடியாது என்றாலும் வருத்தமில்லை.”

இதில் ‘திருத்தம் இரண்டு முறை’ என்பதுதான் முக்கியமான வரி. ஒரு பாகத்துக்குப் பத்து மணி நேரம் என்று கணக்கிட்டேன். ஆறு பாகத்துக்கு 60 மணி. மணிக்கு 45 வெள்ளி வருகிறது. திருத்தத்துக்கு எல்லை வைக்காமல், “இந்த ஒரு இடம் மட்டும் அக்கா” என்று ஐந்து முறை கேட்டால் அதே வேலை 90 மணி நேரம் ஆகும். அப்போது மணிக்கு 30 வெள்ளிதான். தொகை குறையவில்லை, ஆனால் அவருடைய கூலி குறைந்துவிட்டது. மூன்றாவது முறை கேட்கும்போதே புதிய வேலை என்று சொல்லித் தனித் தொகை பேச வேண்டும்.

தேதியும் அப்படித்தான். அக்டோபர் 2 அவருக்கு மட்டும் கெடு இல்லை. நாங்கள் பேட்டியைத் தாமதமாகக் கொடுத்தால் எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாள் அவர் கெடுவும் தள்ளிப்போகும். இதை எழுதாவிட்டால் நம் தாமதத்தை அவர் தூக்கமில்லாமல் ஈடுகட்டுவார்.

இன்னொன்று, இது வேலை நியமனம் அல்ல, சேவை ஒப்பந்தம். அதனால் நிறுவனம் அவருக்கு மத்திய சேம நிதி செலுத்தாது, மருத்துவ விடுப்பும் இல்லை. சுயதொழிலில் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கணக்குக்கு அவரே கட்ட வேண்டும். பழைய மாதச் சம்பளத்தை மணிக்கணக்காக வகுத்து அதையே கொடுப்பது ஏன் குறைவு என்பது இப்போது புரியும். மறுபுறம், காலை ஒன்பது மணிக்கு வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்லச் செய்ய வேண்டும் என்றால், பெயர் என்னவாக இருந்தாலும் அது ஊழியர் வேலைபோல் ஆகிவிடும். எப்போது, எங்கே உட்கார்ந்து செய்வது என்பது அவர் விருப்பம்.

எழுத்தில் இருப்பது இருவருக்கும் பாதுகாப்பு. பணத்தில் தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரையிலான சேவைக் கட்டணத்துக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். வழக்கறிஞர் அங்கே வாதாட முடியாது. பேசியதற்கு ஆதாரமாக இந்த வாட்ஸ்அப் தகவலே உதவும். அவர் வேறோர் இடத்தில் முழுநேர ஊழியராக இருந்திருந்தால், வெளிவேலைக்கு அங்கே அனுமதி உண்டா என்றும் முதலில் கேட்டிருப்பேன்.

அக்கா மறுநாளே பதில் போட்டார். “முதல் வாரம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. 14ஆம் தேதி தொடங்கி அக்டோபர் 9இல் முடிக்கலாமா? இசைக்கு உரிமம் யார் பொறுப்பு?”

முதல் கேள்விக்குச் சரி என்றேன். இரண்டாவது என் தகவலில் இல்லாத விஷயம். உரிமம் எங்கள் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். “சரிம்மா, செய்யலாம்” என்று வந்தது.